மோதிரத்தின் நடுவில் தெரியும் ஓட்டை

"என் பாட்டியின் மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய கல், சுற்றிலும் எட்டுச் சிறிய கற்கள். எல்லாம் வைரம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். பல வருடமாகப் பெட்டியில் கிடந்தது, கழுவியதே இல்லை. நகை தெரிந்த ஒருவர் நடுக்கல்லின் மேல் ஊதிப் பார்த்துவிட்டு, 'ஆவி உடனே போகவில்லை, இது கண்ணாடி' என்றார். இன்னொருவர், 'வைரமாகவே இருந்தாலும் நடுவில் ஓட்டை தெரிகிறது, புதுக்கல் மாதிரி மின்னவும் இல்லை' என்றார். என்னிடம் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருக்கிறது. கல்லைக் கழற்றாமல் நானே எதுவரை தெரிந்துகொள்ள முடியும்?"

அந்த ஓட்டையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் அதுதான். அது ஓட்டை இல்லை. கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் வேண்டுமென்றே தட்டையாகத் தேய்த்துவிட்ட ஒரு சிறு பட்டை. தொழிலில் இதை க்யூலெட் என்பார்கள். கூர்முனை சுலபமாக உடைந்துவிடும் என்பதால் பழைய பட்டைக்காரர்கள் முனையைத் தட்டையாக்கிவிடுவார்கள். மேலிருந்து நேராகப் பார்க்கும்போது, மற்ற பட்டைகள் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப, இந்த ஒரு பட்டை வழியாக மட்டும் அது கீழே போய்விடுகிறது. அதனால் நடுவில் துளை போட்டது போலத் தெரிகிறது. இன்றைய கற்களில் இது அநேகமாக இருக்காது, இருந்தாலும் லென்ஸில்தான் தெரியும். வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு க்யூலெட் இருக்கிறது என்றால், அந்தக் கல்லின் வெட்டு பழையது. கவனியுங்கள், வெட்டு பழையது என்றுதான் சொல்கிறேன். கல் பழையதா, வைரம்தானா என்பதெல்லாம் இன்னும் பாக்கி.

வெட்டை உறுதி செய்ய மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வைரம் பூமியிலிருந்து பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற எண்முக வடிவத்தில் கிடைக்கிறது. மோட்டாரில் ஓடும் ரம்பம் சுமார் 1900 வாக்கில் பட்டறைகளுக்கு வந்தது. அதற்கு முன்பு அந்த மேல் பிரமிடைக் குறுக்கே அறுத்தெடுப்பது மிகப் பெரிய வேலை. எனவே பட்டைக்காரர் அதை அப்படியே வைத்துக்கொண்டு, உச்சியை மட்டும் தேய்த்துத் தட்டையாக்கி, சுற்றிலும் பட்டை போட்டார். விளைவு: கல்லின் மேல்பகுதி உயரமாக, குவிந்து நிற்கும்; உச்சியில் இருக்கும் தட்டையான மேசைப் பட்டை சின்னதாக இருக்கும்; அடிப்பகுதி ஆழமாகப் போகும். ரம்பம் வந்த பிறகு மேல்துண்டை அறுத்து அதிலேயே இன்னொரு கல் செய்தார்கள். 1919இல் வைரத் தொழில் குடும்பத்தில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் வெளிச்சத்தின் பாதையைக் கணக்குப் போட்டு விகிதங்களை வெளியிட்ட பிறகு கற்கள் மெல்ல மெல்ல இன்றைய வடிவத்துக்கு வந்தன: மேல்பகுதி தாழ்ந்தது, மேசை அகன்றது, க்யூலெட் மறைந்தது.

உங்கள் கல் மேலிருந்து பார்க்க முனைகள் மழுங்கிய சதுரமாக, ஒரு திண்டு போல இருந்தால் அது ஓல்டு மைன் கட். வட்டமாக இருந்தால் ஓல்டு யூரோப்பியன் கட்; அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், கல்லை வட்டமாக உருட்டித் தேய்க்கும் இயந்திரங்கள் வந்த பிறகு பரவி, 1930கள் வரை ஓடியது. இரண்டிலும் உள்ளே பார்த்தால் பட்டைகள் பெரிய பெரிய கட்டங்களாகத் தெரியும், சதுரங்கப் பலகையைச் சற்று நசுக்கியது போல. புதிய வட்டக் கல்லில் அதே இடத்தில் ஊசி ஊசியாக, அம்பு போன்ற மெல்லிய கீற்றுகள் இருக்கும். அடிப்பகுதியில் க்யூலெட்டை நோக்கி ஓடும் துணைப்பட்டைகள் பழைய கல்லில் குட்டையாகவும், புதிய கல்லில் நீளமாகவும் இருப்பதே காரணம். உங்களிடம் "புதுக்கல் மாதிரி மின்னவில்லை" என்றவர் கண்டது இதைத்தான். பழைய வெட்டு பொடிப்பொடியாக மின்னாது. அகலமாக, நிதானமாக, ஒரு பட்டை முழுவதுமாகப் பளிச்சிட்டு அணையும். மேஜை விளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள், அவருக்கே பிடித்துப்போகும்.

சுற்றுக் கற்களில் இவ்வளவு பட்டைகளை எதிர்பார்க்காதீர்கள். சிறிய கல்லுக்கு அந்தக் காலத்தில் மேசை ஒன்று, மேலே எட்டு, கீழே எட்டு என்று 17 பட்டையோடு முடித்துவிடுவார்கள். சிலவற்றில் அடிப்பகுதியே இல்லாமல், தட்டையான அடியும் முக்கோணப் பட்டைகளால் ஆன குவிந்த முதுகுமாக இருக்கும். அது ரோஸ் கட். அதன் வழியாகக் கீழே இருப்பது தெரியும், எழுத்தைக்கூடப் படிக்கலாம். 'எழுத்து தெரிந்தால் கண்ணாடி' என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதை நம்பி நல்ல ரோஸ் கட் வைரங்களைக் கண்ணாடி என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

இனி வெட்டு சொல்லாத பகுதி. 1730களில் பாரிஸில் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர் ஈயம் அதிகம் கலந்த கண்ணாடியை வைரம் போலவே பட்டை தீட்டிப் புகழ் பெற்றார். அதன் பிறகு கண்ணாடிக் கற்கள் எப்போதும் அந்தந்தக் காலத்து வைர வெட்டைப் பின்பற்றியே வந்திருக்கின்றன. சில பழைய கண்ணாடிக் கற்களின் அடிமுனையில் ஒரு கறுப்புப் புள்ளியே வைத்திருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் க்யூலெட் போலத் தெரியட்டும் என்று! அதனால் உங்கள் 'ஓட்டை'யை லென்ஸில் பாருங்கள். தெளிவான விளிம்புகளோடு ஒரு குட்டிப் பலகோணமாகத் தெரிந்தால் அது பட்டை. மை தொட்டு வைத்தது போல ஓரம் கலங்கித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மறுபக்கம், இன்று பழைய வெட்டுகளுக்கு மோகம் திரும்பியிருக்கிறது. வைரம் போலவே தோன்றும் செயற்கைக் கற்களான க்யூபிக் ஜிர்கோனியா, மொய்சனைட், அதோடு ஆய்வகத்தில் வளர்த்த வைரம் எல்லாவற்றிலும் ஓல்டு மைன் கட் போட்டு விற்கிறார்கள். ஆக, வெட்டு என்பது அந்தக் கல் தன் வயதைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம் மட்டுமே. 'எனக்கு நூறு வயது' என்கிறது. அந்த வயதுக்கு உரிய தேய்மானம் அதன் மேல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நிஜமான வேலை. அதற்கு வருவதற்கு முன், ஊதிப் பார்த்த கதையை முடித்துவிடுவோம்.

ஊதும்போது மூச்சிலுள்ள ஈரம் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். வைரம் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பையே விஞ்சும். கண்ணாடியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. எனவே வைரத்தின் உடம்பு முழுவதிலிருந்தும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்திலிருந்தும் வெப்பம் உடனே மேற்பரப்புக்கு வந்து, படலம் ஓரிரு நொடியில் போய்விடுகிறது. கண்ணாடியில் அப்படி வந்து சேர வழியில்லை. படலம் நான்கைந்து நொடியோ அதற்கு மேலோ நிற்கும். க்யூபிக் ஜிர்கோனியாவும் வெப்பத்தில் கண்ணாடியின் கூட்டாளிதான், ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மொய்சனைட் அப்படி இல்லை, வைரத்தோடு சேர்ந்து ஓடிவிடும்.

இந்த நொடிக் கணக்கை அப்படியே நம்பி முடிவுக்கு வரக்கூடாது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் எல்லாமே மெதுவாகக் காயும். விரலிலிருந்து அப்போதுதான் கழற்றிய கல் சூடாக இருக்கும். அதன் மேல் ஆவியே சரியாகப் படியாது, கண்ணாடிகூட வைரம் போல நடிக்கும். உங்கள் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிரானது என்று நினைக்கிறேன். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் ஒரு தனி ஈர்ப்பு. சுரங்கங்களில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய பலகை மேல் ஓடவிட்டு, வைரம் மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும்படி செய்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதே குணத்தால் விரலில் கிடக்கும் வைரத்தின் மேல் பசை படிந்துகொண்டே இருக்கும். பல வருடம் கழுவாத கல்லின் மேல் ஊதினால், ஈரம் தங்குவது அந்த அழுக்குப் படலத்தின் மேல். அது சீக்கிரம் போகவில்லை என்பதை வைத்துக் கீழே இருக்கும் கல்லைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் சுத்தம் செய்யுங்கள். ஆனால் அதற்கும் முன் மோதிரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். கல்லின் அடிப்பகுதி வெளியே தெரிந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடியும் மேலும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பின்பக்கம் உலோகத்தால் மூடியிருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. அந்தக் காலத்தில் மூடிய கிண்ணத்துக்குள் கல்லுக்குப் பின்னால் பளபளப்பான மெல்லிய தகடு வைப்பார்கள். உள்ளே ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும், கல்லும் செத்துப்போனது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட மோதிரத்தில், பஞ்சுக் குச்சியில் துளி ஸ்பிரிட் தொட்டு, கல்லின் மேல்முகத்தை மட்டும் துடைத்தால் போதும்.

அப்புறம் ஒரு துண்டுக் கண்ணாடி, முடிந்தால் வைரம்தான் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு மோதிரம், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அரை மணி நேரமாவது ஒரே மேஜையில் கிடக்கட்டும். கையால் பிடிக்காமல், மேஜை மேலேயே வைத்து, ஒரே தூரத்திலிருந்து, ஒரே அளவு மூச்சு. கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து 'ஹா' என்று விட வேண்டும். உதட்டைக் குவித்து ஊதினால் வருவது குளிர்ந்த காற்று, அது படியாது. ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கல்லும் உலோகமும் சூடாகி ஈரமாகி விடும். நொடியை எண்ணாதீர்கள், எது முதலில் தெளிகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் மோதிரத்தில் ஒன்பது கல் இருப்பது இங்கே ஒரு வரம். ஒரே மூச்சில் ஒன்பதும் மூடும். எல்லாம் தெளிந்த பிறகும் ஒன்று மட்டும் வெள்ளையாக நின்றால் அது கண்ணைப் பறிக்கும்.

இவ்வளவு எழுதுகிற நானே இதில் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய பதக்கம் வந்தது, மூடிய பின்பக்கத்தோடு ரோஸ் கட் கற்கள். மங்கலாக இருந்தன. ஊதிப் பார்த்தேன், ஆவி தங்கியது. கண்ணாடி என்று சொல்லிவிட்டேன். என்னைவிட மூத்தவர் அதை வாங்கி லென்ஸில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஓரத்தைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பட்டைகளின் ஓரங்கள் எல்லாம் கத்தி போல இருந்தன. நான் யோசிக்காமல் விட்டது இதுதான்: ரோஸ் கட் கல் மெல்லிய சில்லு. பின்னால் தகடும் காற்றும். உலோகத்தோடு சரியான தொடர்பு இல்லை. வேகமாகக் கடத்தத் தெரிந்தாலும், கொடுப்பதற்கு அதனிடம் வெப்பக் கையிருப்பு இல்லை. போதாததற்குக் கல்லின் முகத்தில் பழைய பசை வேறு. அதிலிருந்து ஊதும் சோதனையை எனக்குள் ஒரு வரியாகச் சுருக்கிக்கொண்டேன். சுத்தமான, திறந்த பின்பக்கமுள்ள கல்லில் ஆவி தங்கினால் அது வைரம் இல்லை என்று பெரும்பாலும் சொல்லலாம். மற்ற எல்லா முடிவும் சந்தேகக் கணக்கில்.

சரி, ஓரத்துக்கு வருவோம். பழைய கல்லில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

வீட்டுத் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது, அதாவது குவார்ட்ஸ். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடி 5 முதல் 5.5, ஈயம் கலந்தால் இன்னும் மென்மை. ஆகவே கண்ணாடிக் கல்லைப் புடவைத் தலைப்பால் துடைத்தால்கூட, துணியிலிருக்கும் தூசி அதைக் கீறுகிறது. ஐம்பது வருடம் விரலில் கிடந்தால் பட்டைகள் சந்திக்கும் கோடுகள் எல்லாம் பாதி கரைந்த சோப்புக்கட்டியின் விளிம்பு போல உருண்டுவிடும். மேசைப் பட்டை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறலாக இருக்கும். க்யூபிக் ஜிர்கோனியா 8 முதல் 8.5. தூசி அதை அவ்வளவு சீக்கிரம் வெல்லாது, ஆனாலும் ஓரங்கள் வைரத்தைவிட மழுங்கலாகவே இருக்கும். வைரம் 10. தூசி அதை ஒன்றும் செய்யாது. நூறு வருடம் கழித்தும் இரண்டு பட்டை சந்திக்கும் கோடு நேற்று தீட்டியது போல இருக்கலாம்.

இதைப் பார்க்கும் விதம் முக்கியம். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, மோதிரத்தை லென்ஸிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லுக்குள் பார்க்கக் கூடாது, அதன் தோலைப் பார்க்க வேண்டும். விளக்கின் வெளிச்சம் ஒரு பட்டையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் போலப் பிரதிபலிக்கும்வரை மோதிரத்தைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். அந்தப் பட்டை முழுவதும் வெள்ளையாக ஒளிரும். இன்னும் கொஞ்சம் சாயுங்கள். வைரமாக இருந்தால் அந்த ஒளி சட்டென்று அணைந்து அடுத்த பட்டை எரியும். நடுவிலிருக்கும் கோடு முடி போல மெல்லியதாகவே இருக்கும். தேய்ந்த கண்ணாடியில் நடுவில் ஒரு வெள்ளைக் கம்பி தெரியும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது மறையாது. ஓரம் உருண்டுபோனதால் எந்தக் கோணத்திலும் அதன் ஏதோ ஒரு பகுதி வெளிச்சத்தைப் பிடிக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரு பழைய சோடா பாட்டில் துண்டோடு ஒப்பிட்டு ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. அச்சில் வார்த்த மலிவான கண்ணாடிக் கற்களில் பட்டையின் முகமே நடுவில் சற்றுக் குழிந்திருக்கும், ஆறும்போது சுருங்கியதால். உள்ளே வட்டமான குமிழி ஒன்று கண்ணில் பட்டால் அதோடு விவகாரம் தீர்ந்தது.

வைரம் தேயவே தேயாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வைரத்தை வைரம் கீறும். இரண்டு வைர மோதிரங்களை ஒரே பெட்டியில் ஒன்றாகப் போட்டு வைத்தாலும், அடுத்தடுத்த விரல்களில் போட்டாலும், பட்டைக் கோடுகளின் மேல் நுண்ணிய வெள்ளைப் பொத்தல்கள் வரிசையாக விழும். லென்ஸில் பார்த்தால் கோடு எலி கொறித்தது போல இருக்கும், ஆனால் உருண்டிருக்காது. பொத்தலுக்குப் பொத்தல் நடுவில் பழைய கூர்மை அப்படியே நிற்கும். இதுதான் வைரத்தின் முதுமை. அதோடு, வைரம் கடினமே தவிர அடி தாங்காது; நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. க்யூலெட்டின் ஓரத்திலும், கல்லின் இடுப்புப் பகுதியிலும் சிறு உடைசல்கள் இருக்கும். அந்த உடைசலின் முகம் தட்டையாக, படி படியாக இருந்தால் வைரத்தின் பிளவு. கண்ணாடி உடைந்த இடம் சிப்பி ஓட்டின் உட்புறம் போல வளைந்து, அலையலையாக, ஈரமான பளபளப்போடு இருக்கும். உங்கள் நடுக்கல்லின் 'ஓட்டை'யின் ஓரத்தை நன்றாகப் பாருங்கள். பழைய வைரங்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளைச் சில்லாவது போயிருப்பது சகஜம்.

இன்னும் ஓர் இடம் இடுப்பு. மேல்பகுதியும் அடிப்பகுதியும் சந்திக்கும் அந்த விளிம்பு பழைய வைரத்தில் மெருகேற்றாமல் விடப்பட்டிருக்கும். மெழுகு பூசியது போல, அல்லது நுண்மணல் ஒட்டியது போல மங்கலாக இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் உலோக நகங்களுக்கு நடுவில் எங்காவது அந்த விளிம்பு தெரியும். கல்லின் எடையைக் குறைக்க மனமில்லாமல், பட்டைக்காரர் சில சமயம் வைரத்தின் ஆதித்தோலையே ஒரு துளி அங்கே விட்டுவைப்பார். அதில் குட்டி முக்கோணக் குழிகள் தெரிந்தால் குதித்துக் கொள்ளலாம். இயற்கை வைரத்தின் எண்முகப் பரப்பில் வரும் குழிகள் அவை. பட்டைக்காரரால் போட்டுக் காட்ட முடியாதவை. ஆனால் எல்லாக் கல்லிலும் கிடைக்காது. இல்லை என்றால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

உங்கள் மோதிரம் போலவே ஒன்று என் மேஜைக்கு வந்தது, அதைச் சொன்னால் வரிசை புரியும். நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் திண்டு வடிவக் கல், சுற்றிலும் பத்துச் சிறிய கற்கள், பின்பக்கம் திறந்தது. கழுவிக் காய்ந்த பிறகு ஊதினேன். நடுக்கல் உடனே தெளிந்தது. பத்தில் ஒன்பது தெளிந்தன, ஒன்று மட்டும் பால் போல நின்றது. மூன்று முறை செய்தும் அதே கல். லென்ஸில் அந்தக் கல்லின் ஓரங்கள் உருண்டிருந்தன, மேசையில் கீறல், உள்ளே ஒரு குமிழி. கண்ணாடி, எப்போதோ ஒரு கல் விழுந்து, கையில் கிடைத்ததை வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தின் பிடி நகங்கள் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தன. கல்லை மாற்றிய இடத்தை நகமே காட்டிக்கொடுப்பது இப்படித்தான்.

மீதி ஒன்பதும் ஊதலில் ஒரே மாதிரி நடந்துகொண்டன. அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் பழைய வைரம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். லென்ஸில் பார்த்தால் எட்டு கற்கள் அந்த 17 பட்டைக் குட்டிக் கற்கள், கோடுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொறித்த அடையாளம். ஒன்பதாவது கல்லில் அகன்ற மேசை, ஊசிக் கீற்றுகள், ஒரு பொத்தல்கூட இல்லாத கோடுகள். வைரம்தான், ஆனால் மிகவும் பிந்திய காலத்தது. நடுக்கல்லுக்கு உயரமான மேல்பகுதி, சின்ன மேசை, எண்கோண க்யூலெட், அதன் ஓரத்தில் படியாக உடைந்த ஒரு சில்லு, மங்கிய இடுப்பு, அங்கே ஓரிடத்தில் முக்கோணக் குழிகள். வெட்டு சொன்ன வயதை மற்ற எல்லாமே ஒத்துக்கொண்டன. பதினோரு கல்லில் ஒன்பது பழையது, ஒன்று புதிய வைரம், ஒன்று கண்ணாடி. பழைய மோதிரம் என்றால் பெரும்பாலும் இப்படிக் கலந்துதான் இருக்கும். அதனால் நடுக்கல்லைப் பார்த்துவிட்டுச் சுற்றுக் கற்களைச் சேர்த்து மதிப்பிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுங்கள்.

உங்கள் கல் ஆவியை உடனே விட்டுவிட்டு, ஓரமெல்லாம் கூராக, ஒரு கொறிப்புகூட இல்லாமல் பழைய வெட்டில் இருந்தால் என்ன செய்வது? மூன்று சாத்தியங்கள். பெட்டியிலேயே பத்திரமாக இருந்த பழைய வைரம், மொய்சனைட், ஆய்வக வைரம். மொய்சனைட்டை லென்ஸிலேயே பிடிக்கலாம். மேசை வழியாக நேராகப் பார்க்காமல், பக்கத்திலிருக்கும் சாய்ந்த பட்டை ஒன்றின் வழியாக அடிப்பகுதியின் கோடுகளைப் பாருங்கள். அவை இரட்டையாக, ரயில் தண்டவாளம் போலத் தெரிந்தால் மொய்சனைட். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். தவிர, நகைக்கான மொய்சனைட் 1990களின் கடைசியில்தான் விற்பனைக்கு வந்தது. க்யூபிக் ஜிர்கோனியா 1976 வாக்கில். அதற்கு முன்பே பெட்டிக்குள் போன மோதிரத்தில், பிறகு யாரும் கை வைக்காமல் இருந்தால், இவை இருக்க வழியில்லை.

ஆய்வக வைரம் வேறு கதை. அது வைரமேதான், அதே கடினம், அதே வெப்பக் கடத்தல், அதே ஓரம். ஊதியும் லென்ஸிலும் அதைப் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது. வளர்ந்த விதத்தையும் உள்ளே நைட்ரஜன் அமைந்திருக்கும் விதத்தையும் ஒளிக்கருவிகளால் ஆராயும் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். நகைக்கடைகளில் கல்லைத் தொட்டுப் பார்க்கும் பேனா போன்ற வெப்பக் கருவியும் இதில் உதவாது. அது கேட்பது நீங்கள் ஊதும்போது கேட்ட அதே கேள்வியைத்தான், கொஞ்சம் துல்லியமாக. கண்ணாடியைக் கீறிப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். குவார்ட்ஸும் ஜிர்கோனியாவும்கூடக் கண்ணாடியைக் கீறும்; உங்கள் வைரத்தின் ஓரம் சில்லு போனால் திரும்ப வராது.

பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுக்க முடிவு செய்தால், கல்லைக் கழற்றாமல் மோதிரத்தோடு பார்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள். பழைய நகங்களை நிமிர்த்தினால் ஒடிந்துவிடலாம், மூடிய கிண்ணமாக இருந்தால் இன்னும் மோசம். எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் கைபேசிக் கேமராவை லென்ஸின் பின்னால் வைத்து க்யூலெட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன் ஓரத்தில் போயிருக்கும் சில்லின் வடிவமும் இடமும் தெளிவாக விழட்டும். மோதிரம் திரும்பி வந்ததும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.